பெற்றோல் ஷெட்லயும் ஹோட்டல்லயும் காட் போட்டா காசு ரெண்டு தரம் கழிஞ்ச மாதிரி காட்டுறது ஏன், அது எப்ப திரும்பி வரும்

போனுக்கு ரெண்டு மெசேஜ் வந்திட்டா காசு ரெண்டு தரம் போயிட்டு எண்டுதான் முக்கால்வாசிப் பேர் முடிவு எடுக்கிறது. அதுவும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசனுக்கு வந்து ரெண்டு நாள் நிண்டிட்டுப் போற ஆக்கள், வீட்ட போய்ச் சேர முதலே ரிசெப்ஷனுக்கு கோல் எடுத்து சத்தம் போடுவினம், அங்க நிக்கிற பெடியனும் "எங்களுக்கு ஒரு தரம்தான் காசு வந்திருக்கு சேர்" எண்டு சொல்லுவான், இவை அவன் பொய் சொல்றான் எண்டு நினைப்பினம். அனேகமா ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். காசு உங்கட கணக்கில எடுக்கேலாம நிக்குது, ஆனா ஹோட்டலுக்குப் போகேல்ல. இது எப்பிடி எண்டுதான் சொல்லப்போறன்.

முதல்ல ஒரு விஷயம் விளங்கோணும். காட்டை மெஷின்ல போட்ட உடன காசு கடைக்காரன்ட கணக்குக்குப் போறதில்ல. அந்த நேரம் நடக்கிறது ஒரு கேள்வியும் ஒரு பதிலும் மட்டும்தான். மெஷின் உங்கட பாங்க்கிட்ட கேக்குது, இந்தக் காட்ல இவ்வளவு காசு இருக்கா, குடுக்கலாமா எண்டு. பாங்க் ஓம் எண்டு சொல்லி ஆறு எழுத்தில ஒரு அப்ரூவல் கோட் அனுப்புது, அந்தத் தொகையை வேற ஒண்டுக்கும் எடுக்கேலாம ஒதுக்கி வைக்குது. இந்த ஒதுக்கி வைக்கிறதைத்தான் ஹோல்ட் எண்டு சொல்றது. கொழும்பு பஸ்ஸில ஜன்னலால லேஞ்சியைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரித்தான், ஆள் இன்னும் ஏறேல்ல, ஆனா வேற ஒருத்தரும் அதில இருக்கேலாது.

ஆள் ஏறி இருக்கிறது பிறகுதான். அண்டைக்கு இரவோ அடுத்த நாளோ கடைக்காரன் மெஷின்ல செட்டில்மெண்ட் எண்டு ஒண்டு அடிப்பான், அண்டைய கணக்கு முழுக்க அவன்ட பாங்க்குக்குப் போகும், அங்க இருந்து விசா அல்லது மாஸ்டர்காட் ஊடாக உங்கட பாங்க்குக்கு வரும். அது வந்து சேர ஒண்டு ரெண்டு நாள், இடையில சனி ஞாயிறு போயா வந்தா இன்னும் கொஞ்சம் கூட. வந்த உடன பாங்க் என்ன செய்யும் எண்டா, ஏற்கனவே ஒதுக்கி வச்ச ஹோல்ட்டைத் தேடிப் பிடிச்சு அதை எடுத்திட்டு, உண்மையான கழிவைப் போடும். எல்லாம் ஒழுங்கா நடந்தா உங்களுக்கு இந்த ரெண்டு கட்டமும் கண்ணில படவே படாது, ஒரு கழிவு மாதிரித்தான் தெரியும்.

சிக்கல் எங்க எண்டா, பாங்க் உங்களுக்கு மெசேஜ் அனுப்புறது அனேகமா முதலாவது கட்டத்தில. ஹோல்ட் போட்ட உடன மெசேஜ் வரும், அதில ஹோல்ட் எண்டும் எழுதியிருக்காது, சும்மா சாமான் வாங்கின மாதிரி கடைப் பேரும் தொகையும் இருக்கும். ஹோல்ட் கழண்டா மெசேஜ் வராது. ஆகவே போனை மட்டும் பார்த்து கணக்குப் பண்ணினா போனது மட்டும்தான் தெரியும், திரும்பி வந்தது தெரியவே தெரியாது.

அதுக்குத்தான் பாங்க் ஆப்பில ரெண்டு மீதி காட்டுறது. ஒண்டு கணக்கில உண்மையில இருக்கிற மீதி, மற்றது நீங்க இப்ப எடுக்கக்கூடிய மீதி, ஆப்பில Available Balance எண்டு இருக்கும். இந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம்தான் உங்கட ஹோல்ட். சில சேமிப்புக் கணக்கில கட்டாயம் வச்சிருக்க வேண்டிய குறைஞ்ச தொகையும் அந்த வித்தியாசத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அது 500, 1000 எண்டு சின்னனா இருக்கும், அதைக் கழிச்சிட்டுப் பாருங்க. இந்த ஒரு கழித்தல் கணக்கைச் செய்தாலே பாதிப் பிரச்சினை அந்த இடத்திலயே முடிஞ்சிடும்.

ஹோட்டல்ல நடக்கிறது

சின்ன கெஸ்ட் ஹவுஸ் எண்டா இந்தக் கதையே இல்ல, போகேக்க காசைக் குடுத்திட்டுப் போறதுதான். கொஞ்சம் பெரிய பீச் ஹோட்டல் எண்டா செக்-இன் நேரமே காட்டைக் கேப்பினம். ரூம் வாடகை எவ்வளவு எண்டு தெரியும், ஆனா நீங்க எத்தினை தரம் சாப்பிடுவீங்க, புறாத்தீவுக்கு படகு பிடிச்சுக் குடுக்கச் சொல்லுவீங்களா, டவலைக் கொண்டு போயிடுவீங்களா எண்டெல்லாம் தெரியாது. அதால ரூம் வாடகையோட மேல கொஞ்சம் சேர்த்து ஒரு தொகைக்கு ஹோல்ட் போடுவினம். இதுக்குப் பேர் ப்ரீ-ஓத். மெஷின்ல இதுக்கு எண்டு தனி மெனு இருக்கு, ஸ்லிப்பிலயும் SALE எண்டு இல்லாம PRE-AUTH எண்டு அடிச்சு வரும்.

செக்-அவுட்ல சரியான முறை என்ன எண்டா, அதே ப்ரீ-ஓத்தை எடுத்து, அதின்ட அப்ரூவல் கோட்டைப் போட்டு, கடைசி பில் தொகைக்கு முடிச்சு விடுறது. மெஷின்ல COMPLETION எண்டோ PRE-AUTH COMPLETE எண்டோ இருக்கும். அப்பிடிச் செய்தா பழைய கோட் அப்பிடியே உங்கட பாங்க்குக்கு வரும், பாங்க் "ஓ இது அண்டைக்குக் கேட்டதுதான்" எண்டு ஹோல்ட்டை எடுத்திட்டு பில் தொகையை மட்டும் கழிக்கும். காட்டைத் திரும்ப மெஷின்ல போடவே தேவையில்லை.

ஆனா உண்மையில நடக்கிறது என்ன? காலமை பத்து மணிக்கு ஒரே நேரத்தில ஆறு குடும்பம் பையோட வந்து நிக்கும், வெளியில வான் ஹோர்ன் அடிக்கும், செக்-இன் செய்த பெடியன் நைட் டியூட்டி முடிஞ்சு போயிருப்பான், காலமை வந்த பெடியனுக்கு பழைய ஸ்லிப் எங்க இருக்கு எண்டு தெரியாது. அவன் லேசான வேலையைச் செய்வான், "காட்டைத் தாங்க சேர்" எண்டு வாங்கி புதுசா ஒரு SALE அடிச்சு விட்டிடுவான். பில் கட்டியாச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா முதல் போட்ட ப்ரீ-ஓத் அப்பிடியே கிடக்குது, அதை ஒருத்தரும் முடிக்கவும் இல்ல, கான்சல் பண்ணவும் இல்ல. உங்கட பாங்க்குக்கு இது ரெண்டும் ரெண்டு வேற வேற விஷயம், கோட்டும் வேற தொகையும் வேற, எதை எதோட சேர்க்கிறது எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்.

என்ட மச்சான் ஒருத்தர் வவுனியால இருந்து குடும்பத்தோட வந்து நிலாவெளியில ரெண்டு இரவு நிண்டவர், டெபிட் காட்தான் குடுத்தவர். அவற்ற கணக்கை வச்சே சொல்றன், விளங்க லேசா இருக்கட்டும் எண்டு தொகையை மட்டும் உருட்டி எழுதுறன். கணக்கில இருந்தது 150,000 ரூபா. ரூம் ஒரு இரவுக்கு 28,000, ரெண்டு இரவுக்கு 56,000, மேலதிகமா 10,000 சேர்த்து 66,000க்கு ஹோல்ட் போட்டாங்கள். அந்த நேரம் ஆப்பில கணக்கு மீதி 150,000 எண்டே இருக்கும், எடுக்கக்கூடியது 84,000 எண்டு காட்டும். ஒரு சதமும் ஹோட்டலுக்குப் போகேல்ல, கவனிச்சுக்கொள்ளுங்க.

செக்-அவுட்ல கடைசி பில் 61,400. சரியா முடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும், 66,000 ஹோல்ட் கழண்டு 61,400 கழிஞ்சு ரெண்டு மீதியும் 88,600ல வந்து நிண்டிருக்கும். ஆனா அங்க புதுசா SALE அடிச்சிட்டாங்கள். உடன எடுக்கக்கூடியது 84,000ல இருந்து இன்னும் 61,400 குறைஞ்சு 22,600. மச்சானுக்கு ரெண்டாவது மெசேஜ் ஹொரவப்பொத்தானை தாண்டேக்க வந்தது, அங்கயே வானை நிப்பாட்டிப்போட்டு எனக்கு கோல் எடுத்தார், "டேய் அறுபத்தாறும் எடுத்து அறுபத்தொண்டும் எடுத்திட்டாங்களடா, ஒரு லட்சத்து இருபத்தேழு போச்சு" எண்டு.

ரெண்டு நாள் கழிச்சு ஆப்பைப் பார்க்கச் சொன்னன். கணக்கு மீதி 88,600, எடுக்கக்கூடியது 22,600. கழிச்சுப் பாருங்க, 66,000. அச்சொட்டா முதல் போட்ட ப்ரீ-ஓத் தொகை. ஆகவே ஹோட்டலுக்குப் போனது 61,400 மட்டும்தான், மிச்சம் 66,000 அவற்ற கணக்குக்குள்ளயே தூங்குது. ரெண்டு தரம் கழிஞ்சிருந்தா கணக்கு மீதியே 22,600 எண்டு வந்திருக்கும், வித்தியாசம் ஒண்டும் இருந்திருக்காது. ஹோட்டல் பெடியன் சொன்னது சரி, மச்சான்ட வயித்தெரிச்சலும் சரி, ஏன் எண்டா வீட்டு லோன் தவணைக்கு மாசக் கடைசியில பாங்க் தானா எடுக்கிறது இந்த எடுக்கக்கூடிய மீதியில இருந்துதான், அது காணாட்டி தவணை திரும்பும், தண்டமும் அடிப்பாங்கள். தூங்குற காசெண்டாலும் கையில இல்லாத காசு கையில இல்லாத காசுதான்.

இந்த விஷயத்துக்காகத்தான் ஹோட்டலுக்கு டெபிட் காட் குடுக்காதீங்க, கிரெடிட் காட் இருந்தா அதைக் குடுங்க எண்டு நான் சொல்றது. கிரெடிட் காட்ல ஹோல்ட் விழுந்தா லிமிட்தான் குறையும், வீட்டுக் காசு நிக்காது. ஹோல்ட் கழிவா மாறாத வரைக்கும் ஸ்டேட்மெண்ட்ல வராது, வட்டியும் ஏறாது.

எப்ப கழரும்

இதுக்கு ஒரே ஒரு பதில் இல்ல, ஆர் கழட்டுறது எண்டதைப் பொறுத்து இருக்கு.

ஹோட்டல் ஒழுங்கா முடிச்சா, கழிவு உங்கட பாங்க்கில பதிஞ்ச அண்டைக்கே ஹோல்ட் போயிடும், அதுதான் முதல் சொன்ன ரெண்டு மூண்டு நாள். ஹோட்டல் மெஷின்லயே ப்ரீ-ஓத்தை கான்சல் அடிச்சு விட்டா அந்தச் செய்தி உடன போகும், ஆனா சில பாங்க்கில அது உடன கணக்கில தெரியும், சில இடத்தில அடுத்த வேலைநாள் வரைக்கும் இழுக்கும். ஒருத்தரும் ஒண்டும் செய்யாட்டி ஹோல்ட் தானா காலாவதியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சாதாரண காட் கேள்விக்கு மாஸ்டர்காட் விதியில 7 நாள், ப்ரீ-ஓத் எண்டு குறிச்சு அனுப்பினதுக்கு 30 நாள் வரைக்கும் இடம் இருக்கு. விசாலயும் ஹோட்டல், வாடகைக் கார் மாதிரி விஷயங்களுக்குக் கூட நாள் குடுத்திருக்கு. இந்த எல்லைக்குள்ள எத்தினையாவது நாள் எடுத்து விடுறது எண்டதை உங்கட பாங்க் தீர்மானிக்கும். அதால ஒரே ஹோட்டல்ல ஒரே நாள் நிண்ட ரெண்டு பேருக்கு, ஒருத்தருக்கு ஒரு கிழமையில காசு வந்திடும், மற்றவர் ஒரு மாசம் பார்த்துக்கொண்டு இருப்பார், அதில ஏமாத்து ஒண்டும் இல்ல.

30 நாள் பொறுக்கேலாது எண்டா என்ன செய்யலாம்? ஹோட்டலோட சண்டை பிடிச்சுப் பலனில்ல, ஹோல்ட் இருக்கிறது அவங்களிட்ட இல்ல, உங்கட பாங்க்கில. ஆனா பாங்க்கும் சும்மா கேட்டா எடுத்து விடாது, ஏன் எண்டா நாளைக்கு ஹோட்டல் உண்மையிலயே அந்தக் காசைக் கேட்டு அனுப்பினா பாங்க் குடுக்க வேண்டி வரும். அதால பாங்க்குக்கு ஹோட்டல்ல இருந்து ஒரு எழுத்து வேணும், இந்தத் தொகை எங்களுக்கு வேண்டாம், விட்டுக் குடுக்கிறம் எண்டு. மச்சானுக்கு நான் சொல்லிக் குடுத்தது இதைத்தான், அவர் ஹோட்டலுக்கு எடுத்து இப்பிடிக் கேட்டவர்:

"தம்பி, காசு திருப்பித் தாங்க எண்டு நான் கேக்கேல்ல. செக்-இன்ல போட்ட ப்ரீ-ஓத்தை நீங்க முடிக்கேல்ல, அதை விடுவிக்கிறம் எண்டு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் ஈமெயில் பண்ணுங்க. திகதி, தொகை, காட்ல கடைசி நாலு நம்பர், ஸ்லிப்பில இருக்கிற அப்ரூவல் கோட், இவ்வளவும் இருக்கோணும்."

"அப்ரூவல் கோட் இல்லாம அனுப்பலாமா சேர்?"

"இல்ல தம்பி, அது இல்லாட்டி பாங்க்கில தேடிப் பிடிக்கேலாது. செக்-இன் ஸ்லிப்பில கீழ இருக்கும் பாருங்க."

கோட் எண்டதை அவர் அழுத்திச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. காட் நம்பரும் தொகையும் மட்டும் குடுத்தா பாங்க்கில இருக்கிறவங்கள் எந்த ஹோல்ட் எண்டு குழம்புவாங்கள், கோட் இருந்தா நேர அதிலயே போய் நிக்கலாம். அந்தக் கடிதத்தை மச்சான் தன்ட பாங்க்கின்ட காட் செண்டருக்கு அனுப்பினார், கிளைக்குப் போகேல்ல. கிளையிலயும் வாங்கி அனுப்புவினம்தான், ஆனா ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்குப் போறதுக்கே ரெண்டு நாள் போயிடும். இது ஆள் பார்த்துச் செய்யிற வேலை, சனி ஞாயிறு, போயா எண்டா நடக்காது.

இதெல்லாம் வராம இருக்க செக்-அவுட் நேரம் ஒரு வசனம் போதும், "செக்-இன்ல போட்ட ப்ரீ-ஓத்திலயே முடிங்க, புதுசா அடிக்காதீங்க." கையில காசாக் கட்டுறீங்க எண்டாலும், வேற காட் குடுக்கிறீங்க எண்டாலும் இதைச் சொல்லத்தான் வேணும், அந்த இடத்திலதான் கனபேர் விடுறது. காசைக் குடுத்து பில்லை வாங்கிக்கொண்டு போயிடுவினம், முதல் காட்ல போட்ட ஹோல்ட்டை ஒருத்தரும் நினைக்கிறதில்ல. அப்ப கான்சல் அடிச்ச ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்க. செக்-இன் ஸ்லிப்பையும் எறியாம போட்டோ எடுத்து வைங்க, வெய்யிலுக்கு காருக்குள்ள வச்சா அந்தக் கடதாசி முழுக்கக் கறுத்துப் போகும், பிறகு கோட்டை வாசிக்கேலாது.

லண்டன், கனடால இருந்து வாற ஆக்களுக்கு இன்னொரு சின்னக் குழப்பம் இருக்கு. ஹோல்ட் போட்டது ரூபாயில, அவையின்ட பாங்க்கில அது பவுண்ஸா டொலரா மாறி நிக்கும், அண்டைய ரேட்டுக்கு. கழிவு பதியிறது வேற நாள், வேற ரேட். அதால ரெண்டு தொகையும் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். தொகை ஒத்துப்போகேல்ல எண்டதுக்காக அது வேற கழிவு எண்டு நினைச்சிடாதீங்க.

பெற்றோல் ஷெட்ல நடக்கிறது வேற

வெளிநாட்டுக் கட்டுரைகளை வாசிச்சிட்டு இங்கத்த ஷெட்டையும் அப்பிடி நினைக்கிற ஆக்கள் இருக்கினம். வெளிநாட்டில ஆள் இல்லாத பம்ப், காட்டை முதல் போட்டுத்தான் பெற்றோல் அடிக்கோணும். எத்தினை லீட்டர் அடிப்பீங்க எண்டு மெஷினுக்குத் தெரியாது, அதால ஒரு பெரிய தொகையை முதல்ல ஒதுக்கும். மலேசியால பம்ப்லயே காட் போட்டா 200 ரிங்கிட் ஹோல்ட் விழும், நீங்க 50க்குத்தான் அடிச்சீங்க எண்டாலும். அந்த 50 கழிஞ்சு 200 கழருற வரைக்கும் 250 போன மாதிரித்தான் ஆப் காட்டும். அங்க போறவைக்கு லேசான வழி, உள்ள கவுண்டருக்குப் போய் 50க்கு எண்டு சொல்லி கட்டிப்போட்டு வந்து அடிக்கிறது, அப்ப 50 மட்டும்தான் போகும்.

திருகோணமலை ஷெட்ல அப்பிடி இல்ல. இங்க பெடியன்தான் அடிக்கிறது, மீட்டர்ல எவ்வளவு எண்டு பார்த்திட்டுப் பிறகுதான் காட்டை வாங்கிப் போடுறது, அதால முதல்ல ஒதுக்க வேண்டிய தேவையே இல்ல. இங்க ரெண்டு தரம் கழிஞ்ச மாதிரி வாறதுக்குக் காரணம் சிக்னல்.

கையில கொண்டு வாற மெஷினுக்குள்ள இருக்கிறது ஒரு சிம். 9,000 ரூபாக்கு பெற்றோல் அடிச்சிட்டு காட்டைப் போடுறீங்க எண்டு வைங்க. கேள்வி உங்கட பாங்க்குக்குப் போயிட்டு, பாங்க் ஓம் சொல்லி 9,000 ஒதுக்கி உங்கட போனுக்கு மெசேஜும் அனுப்பிட்டு, ஆனா அந்த ஓம் திரும்ப மெஷினுக்கு வந்து சேர முதல் லைன் அறுந்து போச்சு. மெஷின் கொஞ்ச நேரம் பார்த்திட்டு ஸ்லிப் அடிக்காம எரர் காட்டும். பெடியன் "லைன் இல்ல அண்ணே, இன்னொருக்காப் போடுவம்" எண்டு சொல்லுவான், ரெண்டாந்தரம் சரிவரும், ஸ்லிப் வரும், போன்ல ரெண்டு மெசேஜ், 18,000.

இதில முதலாவது 9,000 ஷெட்டுக்குப் போகாது. மெஷின்ட அண்டைய கணக்கில அந்த வியாபாரம் பதியவே இல்ல, இரவு செட்டில்மெண்ட் அடிக்கேக்க ரெண்டாவது மட்டும்தான் போகும். அதோட, பதில் வராத கேள்வியை ரத்துப் பண்ணச் சொல்லி மெஷின் தானா ஒரு செய்தி அனுப்பும், லைன் வந்த பிறகு, அனேகமா அடுத்த காட்டைப் போடேக்க அதுக்கு முதல் அது போகும். அது ஒழுங்காப் போய்ச் சேர்ந்தா நீங்க ஷெட்டை விட்டு வெளிக்கிட முதலே காசு திரும்பியிருக்கும், மெசேஜ்தான் வந்திருக்காது. ரத்துச் செய்தியும் வழியில தொலைஞ்சா, பாங்க் தானா கழட்டுற வரைக்கும் அந்த 9,000 நிக்கும், ஒரு கிழமை அப்பிடி.

அதால மெஷின் எரர் காட்டினா, ரெண்டாந்தரம் காட்டைக் குடுக்க முதல் போனைப் பாருங்க. மெசேஜ் வந்திருந்தா கடைசி ஸ்லிப்பைத் திரும்ப அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, எல்லா மெஷின்லயும் அதுக்கு வழி இருக்கு. உங்கட வியாபாரம் அதில வந்தா கடதாசி மட்டும்தான் பிரச்சினை, காசு கட்டுப்பட்டிட்டு, திரும்பப் போடத் தேவையில்லை. வேற ஆரின்டையோ ஸ்லிப் வந்தா உங்கடது பதியேல்ல எண்டு அர்த்தம், ரெண்டாந்தரம் போடலாம், அல்லது காசாக் குடுக்கலாம். மெசேஜ் வந்திட்டு எண்டதை மட்டும் காட்டி நான் கட்டிட்டன் எண்டு வாதாடுறது அந்தப் பெடியனுக்குச் செய்யிற அநியாயம், இரவு கணக்கு முடிக்கேக்க 9,000 குறைஞ்சா அவன்ட சம்பளத்திலதான் கைவைப்பினம்.

காசு திரும்பின பிறகும்

ஹோல்ட் கழண்டு எடுக்கக்கூடிய மீதி கூடினா, முழுப் பிரச்சினையும் முடிஞ்சுது எண்டு அர்த்தமில்ல. சில கடைக்காரர் செட்டில்மெண்டை நாள்கணக்கில அடிக்காம விட்டிடுவினம். ஹோல்ட் ஒரு கிழமையில காலாவதியாகி காசு உங்களுக்குத் திரும்பத் தெரியும், நீங்களும் அதைச் செலவழிச்சிடுவீங்க, பிறகுதான் உண்மையான கழிவு வந்து விழும். அது புதுக் கழிவு இல்ல, நீங்க அண்டைக்கு அடிச்ச பெற்றோல்தான், நிண்ட ரூம்தான். ஆகவே காசு திரும்பி வந்தா முதல்ல கழிவுப் பட்டியலைப் பாருங்க, அந்தக் கடைப் பேரில பதிஞ்ச கழிவு ஒண்டு இருந்தா மிச்சம் உங்கட காசு. ஒண்டுமே பதியேல்ல எண்டா அந்தத் தொகையைத் தொடாம வச்சிருங்க.

இனி உண்மையாவே ரெண்டு தரம் கழிஞ்சா? அதுவும் நடக்கிறதுதான், குறைவு. ஆப்பில Pending எண்டு இருக்கிறது ஹோல்ட், பதிஞ்சது வேற பட்டியல்ல வரும். ஒரே கடை, ஒரே தொகை, ரெண்டும் பதிஞ்ச பட்டியல்ல இருக்கு, கணக்கு மீதியும் ரெண்டு தரம் குறைஞ்சிருக்கு எண்டா அது ஹோல்ட் இல்ல, தானா திரும்பி வராது, காத்திருக்கவும் கூடாது. பாங்க்கில காட் டிஸ்பியூட் போர்ம் ஒண்டு இருக்கு, அதை நிரப்பி பில்லையும் உங்களிட்ட இருக்கிற ஒரே ஒரு ஸ்லிப்பையும் சேர்த்துக் குடுங்க. கடைக்காரன் ரெண்டுக்கும் தனித்தனி ஸ்லிப் காட்டோணும், காட்டேலாட்டி ஒண்டைத் திருப்ப வேண்டிவரும். இதுக்கு நாள் கெடு இருக்கு, பாங்க்குக்குப் பாங்க் வித்தியாசம், ஸ்டேட்மெண்ட்ல சின்ன எழுத்தில போட்டிருக்கும், ஸ்டேட்மெண்ட் வந்த கையோட குடுத்தா பயமில்ல.

குடுக்கேக்க முறைப்பாட்டு நம்பர் ஒண்டு கேட்டு வாங்குங்க. பாங்க் பதில் சொல்லாம இழுத்தா மத்திய வங்கியின்ட நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 அடிக்கலாம், அவையும் முதல்ல கேக்கிறது பாங்க்கில முறைப்பாடு குடுத்தீங்களா, நம்பர் என்ன எண்டுதான்.